வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவே ஜாலி: எங்கே, எவ்வளவு உயரம்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் சொந்த ஃபிளாட். ஹால் 10-க்கு 15 அடி. சின்னச் சுவரின் இடது மூலையில் வாசல் கதவு, எதிர்ச்சுவரில் ஜன்னல், வலது சுவரோரம் சோபா. கதவைத் திறந்தாலே சோபாவில் இருப்பவர்கள் தெரிகிறார்கள். துளைகள் வெட்டிய பலகையான ஜாலியைத் தடுப்பாக வைக்கலாமா? காற்று நின்றுவிடும் என்கிறார் மாமியார்.

பதில்: வைக்கலாம். கதவுக்கு நேர் எதிரே குறுக்காக நிறுத்தினால் மாமியார் சொல்வதுதான் நடக்கும். ஜன்னலில் நுழையும் கடற்காற்று வாசல் வழியாக வெளியேற வேண்டும். அந்தப் பாதையை மறிக்கக் கூடாது. அதனால் தடுப்பைக் கதவுச் சுவரிலிருந்தே தொடங்கி, ஹாலின் நீளவாக்கில் ஓட விடுங்கள். காற்று அதன் பக்கவாட்டில் போய்விடும்.

கதவின் வலது நிலைக்காலிலிருந்து ஓர் அடி தள்ளித் தொடங்குங்கள். ஸ்விட்ச் போர்டு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும்; ஒட்டி வைத்தால் அது தடுப்புக்குள் மாட்டிக்கொள்ளும். நீளத்தை முடிவு செய்ய ஒரு நூல் போதும். நூலின் ஒரு முனையை இடது நிலைக்காலின் அடியில் ஒட்டி, மறுமுனையைச் சோபாவின் தூரத்து ஓரத்துக்கு, தலை இருக்கும் இடத்துக்கு இழுங்கள். தடுப்பு வரப்போகும் கோட்டை நூல் எங்கே வெட்டுகிறதோ, அதுவரை தடுப்பு இருந்தால் போதும். இடது சுவருக்கும் கதவுக்கும் நடுவே அரை அடி, கதவு மூன்றடி அகலம் என்று வைத்துக்கொண்டால், நாலடித் தடுப்பு சோபாப் பக்கம் ஏறக்குறைய எட்டரை அடியை மறைக்கும். கதவுச் சுவரிலிருந்து இரண்டடி விட்டு ஆறரை அடி சோபாவைப் போட்டால் கணக்கு சரியாக வரும். எட்டடி நீளத்துக்கு எஸ்டிமேட் போட்டு வருபவரிடம் இந்த நூலைக் காட்டுங்கள்.

அடுத்தது உயரம். பலர் சறுக்குவது இங்கேதான். கீழே மூன்றடி மூடி, அதற்கு மேல் ஜாலி என்று எல்லோரும் செய்கிறார்கள். ஜாலியின் இயல்பு என்னவென்றால், இருட்டான பக்கத்தில் நிற்பவருக்கு வெளிச்சமான பக்கம் நன்றாகத் தெரியும். பழைய அரண்மனைகளில் வெளியே வெயில், உள்ளே நிழல். அதனால் உள்ளே இருப்பவர் மறைந்தார். உங்கள் வீட்டில் தலைகீழ். மாடிப்படி மங்கலாக இருக்கும், ஹாலில் டியூப் லைட் எரியும். ராத்திரி கதவைத் தட்டுபவருக்கு ஜாலி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வாசலில் நிற்பவரின் கண் ஐந்தடி உயரத்துக்குச் சற்று மேலே, சோபாவில் இருப்பவரின் தலை உச்சி நாலடிக்குச் சற்று மேலே. இரண்டையும் இணைக்கும் கோடு தடுப்பை ஏறக்குறைய நாலே முக்கால் அடியில் கடக்கும். ஆகவே ஐந்தடி வரை மூடிய பலகை, அதற்கு மேல் ஏழடி வரை ஜாலி. மூடிய பகுதிக்கு அடியில் நாலு அங்குலம் விட்டுவிட்டால் மாப் போகும், கொஞ்சம் காற்றும் வரும். வாசல் பக்கம் தனி விளக்கு ஒன்றும் போடுங்கள்.

ஐந்தடி மூடினால் ஹால் அடைசலாகிவிடும் என்று தோன்றினால், பலகைக்கும் ஜாலிக்கும் பதிலாக இரண்டு அங்குல ஆழமுள்ள ரீப்பர்களை ஓர் அங்குல இடைவெளியில் நெட்டாக நிறுத்தலாம். சாய்வாகப் பார்ப்பவருக்கு அவை ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். சோபாவின் வாசல் பக்க முனை மட்டும் கொஞ்சம் தெரியும். என்னைக் கேட்டால் இந்த ஹாலுக்கு இதுதான் அழகு. ஆர்டர் கொடுக்கும் முன் ராத்திரியில் ஒரு சோதனை: தடுப்பு வரும் இடத்தில் கொடிக்கயிறு கட்டி, ஐந்தடி உயரத்துக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, ஹால் விளக்கைப் போட்டு, படி விளக்கை அணைத்து வாசலில் நின்று பாருங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது லேசரில் வெட்டிய இரும்பு ஜாலி வேண்டாம். பௌடர் கோட்டிங் வெட்டு முனைகளில் மெலிதாகத்தான் ஒட்டும். உப்புக்காற்றில் அந்த முனைகளிலும் வெல்டிங் இடங்களிலும் முதலில் பழுப்புக் கோடு எழும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை, மாப் தண்ணீரில் அடியில் உப்பிவிடும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த 18 மி.மீ. டபிள்யூபிசி பலகையில், கம்ப்யூட்டர் மெஷினில் சிஎன்சி வெட்டு எடுத்து, தேக்கு அல்லது அலுமினியச் சட்டத்துக்குள் பொருத்துங்கள். சட்டம் இல்லாமல் நிறுத்தினால் அது வளையும், ஸ்க்ரூவும் தளரும். துளைகள் விரலோடு துணி நுழையும் அளவுக்காவது இருக்கட்டும். லாரிப் புழுதி படியும் வட்டாரத்தில் பூவேலை ஜாலியைத் துடைத்து மாளாது.

தடுப்பின் சுவர் முனையை நிலையோடு சேர்த்து அடிக்காமல் சுவரில் ஆங்கர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். காற்றில் நிற்கும் மறுமுனைக்குத் தரையிலிருந்து சீலிங் வரை ஒரே கால் வேண்டும். அது இல்லையென்றால் பிள்ளைகள் பிடித்துத் திரும்பும்போதெல்லாம் ஆடும்.