அலோய் வீலில் பழுப்புப் புள்ளி, வெள்ளைக் கோடு: எது போகும், எது போகாது?

கேள்வி: வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கார் அலோய் வீலில் எவ்வளவு கழுவினாலும் போகாத பழுப்புப் புள்ளிகள். விளிம்பில் வெள்ளையாகவும் ஏதோ படர்கிறது. அசிட் போடாமல் சுத்தம் செய்து மேலே கோட்டிங் அடிக்கலாமா?

பழுப்புப் புள்ளி போகும். வெள்ளை, கழுவிப் போகாது. அதை மூடிக் கோட்டிங் அடித்தால் உள்ளே படர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் எது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

வீலைச் சாதாரண ஷாம்பூவில் கழுவிக் காயவிட்டு நகத்தால் தடவுங்கள். பழுப்புப் புள்ளி மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள்தான் அது. சூட்டோடு வந்து, பெயின்டுக்கு மேலே அடித்திருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் பதிந்து, பிறகு அங்கேயே துருப்பிடிக்கிறது. வெள்ளைக் கோடு நகத்துக்கு வழுவழுப்பாகவோ சற்று உப்பலாகவோ இருக்கும், ஏனென்றால் அது கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. கல்லிலோ நடைபாதை விளிம்பிலோ உரசிய இடத்தில் உப்பும் ஈரமும் நுழைந்து, அலுமினியத்தை அரித்துக்கொண்டே புழு ஊர்ந்த தடம் மாதிரி நகரும். காலி வீதிக்கும் மரீன் டிரைவுக்கும் நடுவே வெளியில் நிற்கும் வண்டிக்கு இரண்டும் குறைவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். முன் வீல்கள் பின் வீல்களைவிடக் கறுப்பது வழமை. ஆனால் முன் வீல் இரண்டில் ஒன்று மட்டும் அதிகம் கறுத்தால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் அந்தப் பக்கக் கலிப்பர் இறுகியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு வீலைப் பாருங்கள்.

அசிட் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது சரி. சில இடங்களில் கழிவறை கழுவும் அசிட்டையே தண்ணீர் கலந்து அடிப்பார்கள். அன்றைக்கு வீல் பளிச்சென்று வரும். ஆனால் கிளியர் கோட் உரிந்த இடமிருந்தால் நேரே அலுமினியத்தைத் தின்னும், பிரேக் பாகங்களையும் துருப்பிடிக்க வைக்கும். போத்தலில் ஹைட்ரோபுளோரிக் அசிட், அமோனியம் பைபுளோரைட் என்று எழுதியிருந்தால் வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் உள்ளே இறங்கிவிடும். அசிட் இல்லாததெல்லாம் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோஸ்டிக் சோடா கலந்த கடும் டிகிரீசரும் அலுமினியத்தை அரிக்கும்.

உங்களுக்குத் தேவை பிஎச் நடுநிலையான ‘அயர்ன் ரிமூவர்’. அதில் வேலை செய்வது தயோகிளைகொலேட் என்ற உப்பு. சலூனில் முடி சுருட்டும் லோஷனில் இருப்பதும் அதன் உறவுதான், அதனால் அதே நாற்றம் வரும். இரும்போடு சேர்ந்தால் ஊதாவாக மாறி வழியும். ஊதா வந்தால் இரும்பு கரைகிறது என்று அர்த்தம், வராவிட்டால் அந்தக் கறை இரும்பில்லை. கறுப்பாக ஒட்டியிருப்பது தாராக இருக்கலாம். அதற்குத் தார் ரிமூவர் வேறாக இருக்கிறது.

வீல் கையால் தொடுமளவுக்கு ஆறியிருக்க வேண்டும், நிழலில் நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் செய்வது நல்லது, கொழும்பு வெயிலில் மருந்து நிமிடத்தில் காய்ந்து கறை போடும். உலர்ந்த தூசியைத் தட்டவோ காற்றால் ஊதவோ வேண்டாம், மூச்சில் போகும். தண்ணீர் அடித்து ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகு, கையுறை போட்டு ரிமூவரை அடியுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஸ்போக் இடுக்குகளைத் தேய்த்து, காய முன் தாராளமான தண்ணீரில் கழுவுங்கள். ஒரு வீலை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். புள்ளி மிச்சமிருந்தால் இன்னொரு தடவை அடிக்கலாம். அதற்கும் அசையாத ஒன்றிரண்டுக்கு ஷாம்பூ தண்ணீர் விட்டு, பதிந்த துகளைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கிளே துண்டை மெல்ல ஓட்டுங்கள். வீலுக்குப் பாவித்த கிளேயையும் வாளியையும் பாடிக்குப் பாவிக்க வேண்டாம். முடிந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி நாலைந்து தரம் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வையுங்கள்.

இனி அந்த வெள்ளை. என் மச்சானுடைய கார் ஜப்பானில் பாவித்து வந்தது, வெள்ளிநிறப் பெயின்ட் வீல். முன் இடது வீலில் உரசிய கீறலிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது. புள்ளியெல்லாம் ரிமூவரில் போன பிறகு, கீறலைச் சுற்றி 400 சாண்ட் பேப்பரால் தேய்த்தோம். கண்ணுக்குத் தெரிந்த வெள்ளைக்கு வெளியேயும் ஒரு சென்டிமீட்டர் தேய்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கிளியர் கோட் அங்கேயும் பிடியற்றுக் கிடந்தது. அதை அறிவது லேசு: மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கிளியர் கூட வந்தால் இன்னும் தேய்க்க இருக்கிறது. குழிக்குள் வெள்ளை ஒரு துளி மிஞ்சினாலும் மறுபடி அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு 800 தாளால் விளிம்பைச் சமப்படுத்தி, ஐசோப்ரொப்பில் அல்கஹோலால் துடைத்து, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர், பெயின்ட், கிளியர் என்று மெல்லிய பூச்சுகளாக அடித்தோம். ஸ்ப்ரே டின்னில் வரும் ஒற்றைக் கிளியர் போதும், ஆனால் கடும் மருந்துக்குத் தாங்காது. ஹார்ட்னர் கலக்கும் இரண்டு பாகக் கிளியர் உறுதி கூடியது. அதில் ஐசோசயனேட் இருப்பதால் சரியான மாஸ்க் இல்லாமல் வீட்டில் அடிக்க வேண்டாம், பெயின்ட் கராஜிடம் விடுங்கள்.

உங்கள் வீலின் முகம் கடைந்தெடுத்த கோடுகளோடு மினுங்கும் டயமண்ட் கட் ரகம் என்றால் கையால் தேய்க்காதீர்கள், அந்தக் கோடு திரும்ப வராது. லேத்தில் ஒரு படலம் சீவி மறுபடி கிளியர் அடிப்பதே வழி. ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறையும் என்பதால் அதையும் எத்தனை தரமும் செய்ய முடியாது.

கோட்டிங் கடைசியில்தான். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் டின்னில் சொன்ன அளவு நாள் இறுக விடுங்கள். வீலைக் கழற்றிச் செய்வதே மேல், உள்பக்கத்தில்தான் தூசி அதிகம் சேரும். அல்கஹோலால் துடைத்து, செராமிக் வீல் கோட்டிங்கை ஸ்பொன்ஜில் சில துளி விட்டு ஒரு நேரத்தில் இரண்டு ஸ்போக் மட்டும் பூசுங்கள். வானவில் நிறம் தெரியத் தொடங்கியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது சீக்கிரம் இறுகும், விட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். பன்னிரண்டு மணி நேரமாவது தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூவும் வேண்டாம். பின்னேர மழைக் காலத்தில் மூடிய பார்க்கிங் இல்லாவிட்டால் தள்ளிப் போடுங்கள். இதற்கு மெனக்கெட விருப்பமில்லையென்றால் ஸ்ப்ரே சீலன்ட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசலாம், எனக்கு அதுவே போதுமென்று படுகிறது. வீல் வண்டியில் இருக்கும்போது நேரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிரேக் பிடிக்காது.