‘விடயம்: வணக்கம்’ என்று வந்தால் யார் திறப்பார்?

கேள்வி: ஹப்புத்தளையில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கிறோம். கொழும்பில் ஒரு பயண நிறுவனத்தின் உரிமையாளரை (அவரும் தமிழர்தான்) நேரில் சந்தித்துப் பேச மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதிலே இல்லை. முதலாவதைக் கொமினிகேஷன் கடையில் அடித்தேன். மற்ற இரண்டும் போனில். விடயத்தில் ‘சந்திப்பு தொடர்பாக’, ‘வணக்கம்’, ‘மிக அவசரம்!!!’ என்று போட்டேன். பிரதிகளை இணைத்திருக்கிறேன். எங்கே பிழை அக்கா?
– ஒரு வாசகி, ஹப்புத்தளை

பதில்: தங்கச்சி, பிரதிகளைப் பார்த்தேன். முதல் மடலில் பிழை உங்களுடையது அல்ல, எழுத்துருவுடையது. நீங்கள் ‘சந்திப்பு தொடர்பாக’ என்று நினைத்து அனுப்பியது அவருடைய திரையில் இப்படித்தான் போயிருக்கும்:

```
re;jpg;G njhlu;ghf
```

இது பாமினி. கடைக்காரர் வேர்டில் அடித்து அப்படியே ஒட்டியிருக்கிறார். வேர்ட் பக்கத்தில் பாமினி எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரியும். ஆனால் விடயக் கட்டத்துக்கு எழுத்துரு கிடையாது, வெறும் எழுத்துகள் மட்டும்தான் போகும். பார்த்தவர் ஏதோ குப்பை மடல் என்று நினைத்திருப்பார். இனிமேல் யூனிகோடில், அதாவது போனில் நீங்கள் வட்ஸ்அப்புக்குப் பயன்படுத்தும் அதே தமிழ் விசைப்பலகையில் அடியுங்கள். அனுப்பும் முன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, வீட்டில் வேறொருவரின் போனில் திறந்து பாருங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால் சரி.

மற்ற இரண்டு மடலும் ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன. அவற்றில் சிக்கல் வேறு. நான் சில வருடம் நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் முதலாளியின் மடல்களைத் திறந்து பிரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். காலையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போவேன். ஒவ்வொரு மடலிலும் கண்ணில் படுவது மூன்றுதான்: அனுப்பியவர் பெயர், விடயம், மடலின் முதல் வரியில் கொஞ்சம். ‘வணக்கம்’ என்று இருந்தால் அது யார், என்ன வேண்டும் என்று தெரிய உள்ளே போய்ப் படிக்கவேண்டும். அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன். அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வந்ததில்லை. ‘மிக அவசரம்’ அதைவிட மோசம். அறிமுகம் இல்லாத ஒருவரின் அவசரம் நமக்கு அவசரமா? மூன்று ஆச்சரியக்குறி வேறு போட்டால் லொத்தர் மோசடியோ என்றுதான் முதலில் தோன்றும்.

உங்கள் வரியை இப்போது சேர்ந்து எழுதிப் பார்ப்போம். அந்த உரிமையாளர் மலையகச் சுற்றுலா விற்கிறவர். அவர் கண் எந்தச் சொல்லில் நிற்கும்? ‘சந்திப்பு’ என்பதில் அல்ல, தினமும் நாலு பேர் அவரிடம் சந்திப்புக் கேட்பார்கள். ‘ஹப்புத்தளை’ என்பதில் நிற்கும். அதனால் ஊர்ப்பெயர் முதலில். அடுத்து உங்களிடம் இருக்கும் பொருள்: ஹோம்ஸ்டே. அதன்பிறகு நீங்கள் கேட்பது எவ்வளவு என்பது. ‘சந்திக்க விரும்புகிறேன்’ என்றால் அரை நாள் போய்விடுமோ என்று பயப்படுவார், ‘15 நிமிடம்’ என்றால் பயம் இல்லை. கடைசியாக ஒரு நாள், அதுவும் கேள்விக்குறியோடு. ஆக:

```
ஹப்புத்தளை ஹோம்ஸ்டே: 15 நிமிடம், ஒக். 14 புதன்?
```

இதற்கு உள்ளே போகாமலே ‘புதன் சரி’ அல்லது ‘வியாழன் வா’ என்று மனதில் பதில் வந்துவிடும். கை தானாகப் பதில் பொத்தானுக்குப் போகும்.

முக்கியமானதை முன்னால் வைக்க இன்னொரு காரணம், போன் திரை அகலம் குறைவு. நம் சொற்கள் நீளமானவை, நாலைந்து சொல்லுக்குள் வரி வெட்டுப்பட்டுப் புள்ளிகளாகிவிடும். ‘தங்களைச் சந்தித்துக் கலந்துரையாட வாய்ப்புக் கோருதல்’ என்று மரியாதையாகத் தொடங்கினால் ஹப்புத்தளையைக் கண்ணாலேயே காணமாட்டார். மரியாதையை மடலுக்குள் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு நாள் மலையகத்தில் ஓர் அறை தேவைப்பட்டு அவர் பெட்டியில் ‘ஹப்புத்தளை’ என்று தேடினாலும் உங்கள் மடல் மேலே வரும்.

எந்த நாள் என்று எழுதும்போது கிழமையும் திகதியும் சேர்த்தே எழுதுங்கள். நான் ஒருமுறை வெள்ளி இரவு ‘நாளை சந்திக்கலாமா?’ என்று ஒருவருக்கு அனுப்பினேன். அவர் திங்கள் காலையில் திறந்து, செவ்வாய் எனக்காகக் காத்திருந்தார். அதோடு நாட்காட்டியில் போயா தினமா என்றும் பார்த்துவிடுங்கள். அலுவலகம் பூட்டியிருக்கும் நாளைக் கேட்டால் முதல் அறிமுகமே கோணலாகிவிடும்.

உங்கள் மூன்றாவது மடலில் ஒரு தங்கக்கட்டியைக் கொண்டுபோய்க் கடைசிப் பந்தியில் புதைத்திருக்கிறீர்கள்: அந்த நிறுவனத்துக்கு ஓடும் சாரதி அண்ணா ஒருவர் உங்கள் வீட்டில் தங்கிப்போனார், அவர்தான் ‘எங்கள் ஐயாவுக்கு எழுதுங்கள்’ என்றார். அதை விடயத்துக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். வரி நீண்டுவிடும், சாரதியின் பெயர் அவருக்கு உடனே ஞாபகம் வருமா என்பதும் தெரியாது. மடலின் முதல் வரியில் போடுங்கள், பட்டியலில் விடயத்துக்கு அடுத்து தெரிவது அதுதான். ‘உங்கள் சாரதி இன்னார், போன மாதம் எங்கள் வீட்டில் தங்கினார், உங்களுக்கு எழுதச் சொன்னார்.’ ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். முதலாளி கூப்பிட்டு விசாரிக்கும்போது அவர் முழிக்கக்கூடாது.

அனுப்புநர் பெயரையும் கவனியுங்கள். உங்களுடையது ‘ஸ்வீட் ஏஞ்சல்’ என்று தெரிகிறது! கணக்கு அமைப்பில் உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டால் விடயத்தில் பெயருக்கு இடம் செலவழிக்கத் தேவையில்லை.

நீங்கள் எழுதியது நிறுவனத்தின் பொது முகவரிக்கு. அதை முதலில் திறப்பவர் முன்மேசையில் இருக்கும் பிள்ளையாகத்தான் இருக்கும். யாரிடம் தள்ளிவிடுவது என்று அவருக்குத் தெரியாவிட்டால் மடல் அங்கேயே கிடக்கும். சாரதி அண்ணாவிடம் உரிமையாளரின் நேரடி முகவரி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் வரியின் முன்னால் ‘உரிமையாளருக்கு:’ என்று சேருங்கள்.

மூன்று, நாலு வேலை நாளாகியும் பதில் இல்லையென்றால், நீங்கள் அனுப்பிய மடலுக்கே பதில் போடுவதுபோல இரண்டு வரி எழுதுங்கள். பழைய மடலும் அதோடு மேலே வரும். 14ஆம் திகதி கடந்துவிட்டால் அப்படிச் செய்யாதீர்கள். காலாவதியான நாளோடு வரும் வரியை யார் திறப்பார்? புதுத் திகதி போட்டுப் புதிய மடலாகவே அனுப்புங்கள். பழைய பழக்கம் இருப்பதுபோல் காட்ட முன்னால் ‘Re:’ என்று தட்டி அனுப்பச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். திறப்பார்தான், ஆனால் ஏமாற்றியதும் உடனே தெரிந்துவிடும்.

நேரம் கேட்டால் பிற்பகல் 2 மணி என்று சொல்லுங்கள். காலை பஸ்ஸில் ஏறி, நம் மலைப்பாதை வளைவுகளையெல்லாம் தாண்டிக் கொழும்பில் இறங்கி, முகம் கழுவிவிட்டுப் போக அதற்குமுன் உங்களால் முடியாது.