முப்பதுக்கு மேல் மெட்டபாலிசம்: கேள்வி பதில்

முப்பது தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்கிறார்களே?

அப்படி இல்லை. 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்த ஆய்வு ஒன்று 2021-ல் சயன்ஸ் இதழில் வந்தது. கொழுப்பு நீங்கலான எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 முதல் 60 வயது வரை உடலின் சக்திச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டம்தான். அதற்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் இறங்குகிறது.

30 வயதில் 62 கிலோ இருந்தேன், 40-ல் 72. சாப்பாடு அதேதான். தசை கரைந்ததுதானே காரணம்?

சிறு பங்குதான். இரண்டு கிலோ தசை போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஓய்வில் ஒரு கிலோ தசைக்கு நாளுக்கு 13 கலோரிதான் செலவு, ஆக இழப்பு 26. ஆனால் பத்து கிலோ கூடுதல் உடலைத் தாங்கவே நாளுக்குச் சுமார் 220 கலோரி வேண்டும். சாப்பாடு உண்மையிலேயே மாறவில்லை என்றால், கிட்டத்தட்ட அந்த அளவுக்கு நடமாட்டம் குறைந்திருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் நடைக்குச் சமம் அது. கைபேசியில் பழைய நடைக்கணக்கு இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரம் சாப்பிடுவதை எடைபோட்டு எழுதியும் பாருங்கள், 'அதே சாப்பாடு' பல நேரம் அதே அளவாக இருப்பதில்லை.

தவறு. ஓய்வில் உடல் செலவிடும் கலோரியைக் கணக்கிடும் மிஃப்ளின் சூத்திரத்திலேயே வயதுக்கு ஆண்டுக்கு 5 கலோரி கழிக்கிறார்களே!

கழிக்கிறார்கள். அந்தச் சூத்திரத்துக்கு உங்கள் தசை எவ்வளவு என்று தெரியாது, அதனால் வயதை வைத்து ஊகிக்கிறது. கொழுப்பு நீங்கலான எடையை, அதாவது LBM-ஐ, கிலோவில் நேராகக் கேட்கும் சூத்திரத்தில் வயதே கிடையாது:

```
370 + 21.6 × LBM
```

அதன்படி 2 கிலோவுக்கு 43 வருகிறது. நீங்கள் 26 என்றீர்கள்!

நல்ல கேள்வி. அந்த 21.6-க்குள் கல்லீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் அடக்கம். அவை தசையைவிடப் பல மடங்கு செலவழிப்பவை. சரி, 43 என்றே வையுங்கள். 220 வரவில்லையே?

அப்போ தசை முக்கியமே இல்லையா?

முக்கியம்தான். கால் வலுவிழந்தால் படியேறத் தயங்குவீர்கள், நடை சுருங்கும், செலவு அங்கேதான் விழுகிறது.

எனக்குத் தைராய்டு. மாத்திரை அளவைக் கூட்டலாமா?

டி.எஸ்.எச். பரிசோதனையோடு மருத்துவரிடம் போங்கள். நீங்களாகக் கூட்டாதீர்கள், இதயத் துடிப்பு தடுமாறும்.

வயது 35, மெட்டபாலிசம் குறைந்துவிட்டது, என்ன செய்ய?

முதல் இரண்டு பதில்களையும் படியுங்கள்.

பட்டினி கிடந்து 8 கிலோ குறைத்தேன், திரும்ப ஏறிவிட்டது.

இதைத்தான் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறேன். எடைப்பயிற்சி இல்லாமல் அவசரமாக இளைத்தால், போவதில் கால் பங்கு வரை தசையாகவும் இருக்கலாம். திரும்ப ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. வாரம் இரண்டு நாள் கால், முதுகு, மார்புக்கு எடைப்பயிற்சி செய்யுங்கள். பன்னிரண்டு முறை சுலபமாகத் தூக்க முடிந்தால் எடையைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வரை புரதம் எடுக்கலாம். மீதி நாட்களில் நடைக்கணக்கு சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.