அதிக முன்னேற்றம் கண்ட வீராங்கனை விருது: மேடையில் என்ன பேசுவது? கேள்வி பதில்

தலவாக்கலை, வலைப்பந்துப் பொறுப்பாசிரியை: சேர், வெள்ளிக்கிழமை பரிசளிப்பு. 18 வயதுக்குக் கீழ் அணியில முன்னேற்ற விருது குடுக்கிற பேச்சு எனக்கு. ரெண்டு நிமிஷம்தான். பிள்ளை கோல் ஷூட்டர். தொடக்கத்துல ரொம்ப மோசம், இப்ப நல்லா போடுறா. இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல.

அந்த மோசத்துக்கும் இந்த நல்லாவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் பேச்சு. சிறந்த வீராங்கனை விருதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, சபைக்கே தெரியும். இந்த விருதுக்கு மட்டும் யாருக்கும் தெரியாத ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஸ்கோர் புத்தகத்தைத் திறக்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். பருவத்தின் முதல் மூன்று ஆட்டம், கடைசி மூன்று ஆட்டம் இரண்டையும் எடுத்து, எத்தனை எறிந்தார், எத்தனை உள்ளே போனது என்று எண்ணுங்கள். பிறகு பயிற்றுவிப்பாளரிடம் ஒரே கேள்வி: எதை மாற்றினார்?

அதே ஆசிரியை: எண்ணிட்டேன் சேர். முதல் மூணுல 42 எறிஞ்சு 17. கடைசி மூணுல 45க்கு 32. முந்தி நெஞ்சுக்கு நேரா பந்தைத் தள்ளுவாளாம், வளையத்தோட முன் விளிம்புல பட்டுத் திரும்பி வருமாம். இப்ப தலைக்கு மேல வச்சு எறியுறா.

அருமை, பேச்சு கிடைத்துவிட்டது. வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. அதன் குறுக்களவு 38 சென்ரிமீற்றர், பந்து 22 அளவில். மேலிருந்து இறங்கும் பந்துக்கு அந்த வாய் முழுதாகத் திறந்திருக்கும். தட்டையாக வரும் பந்துக்குப் பாதி மூடியிருக்கும். அதனால்தான் முன் விளிம்பில் பட்டது. மூன்றடி தள்ளி நின்று கையை நீட்டும் தடுப்பாளருக்கும் தட்டைப் பந்து சுலபம். இதையெல்லாம் மேடையில் விளக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் வாக்கியம் தானாகச் சரியாக வரும்.

எண்ணைக் காதுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். "நாற்பத்திரண்டுக்குப் பதினேழு" என்றால் மண்டபத்தில் யாரும் கணக்குப் போட மாட்டார்கள். பத்துக்கு நாலு, பத்துக்கு ஏழு. அவ்வளவுதான், மூன்றாவது எண் வேண்டாம். பேச்சு இப்படி வரும்:

"வலைப்பந்து வளையம் பத்தடி உயரம். இந்த வருடத் தொடக்கத்தில் நமது அணியின் ஒரு ஷூட்டர் எறிந்த பத்துப் பந்தில் நாலு உள்ளே போனது. மற்றவை முன் விளிம்பில் பட்டுத் திரும்பின. அவர் எறியும் முறையையே மாற்றினார். நெஞ்சில் இருந்த பந்தைத் தலைக்கு மேல் கொண்டுபோனார். முழங்காலை மடித்து எழுந்து எறிந்தார். மாற்றிய புதிதில் அந்த நாலும் குறைந்தது. அவர் பழைய முறைக்குத் திரும்பவில்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் பத்துக்கு ஏழு. 18 வயதுக்குக் கீழ் வலைப்பந்து அணியில் அதிக முன்னேற்றம் கண்ட வீராங்கனை, தரம் பன்னிரண்டு..." இங்கே முழுப் பெயர்.

நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடம்கூட வராது. மிச்ச நேரம் பிள்ளை நடந்து வரவும் கைதட்டலுக்கும் படத்துக்கும் சரியாக இருக்கும். "புதிதில் குறைந்தது" என்ற வரியைப் புத்தகத்தில் சரிபாருங்கள். நடு ஆட்டங்களில் குறையவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். அழகுக்காகப் பொய் வேண்டாம், அணிப் பிள்ளைகள் எல்லாரும் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

கம்பளை, பயிற்றுவிப்பாளர்: வீதம் எதுக்கு? 17 கோல் போட்ட பிள்ளை 32 போட்டிருக்கு. அதைச் சொன்னாலே போதுமே.

இந்தக் கணக்கில் போதும், ஏனென்றால் எறிந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். தொடக்கத்தில் இரண்டு கால்பகுதி மட்டும் இறங்கிய பிள்ளை பிறகு நாலிலும் இறங்கியிருந்தால், ஒன்றும் மாறாமலே கோல் இரண்டு மடங்காகிவிடும். வீதமும் ஏமாற்றும்: கடைசி மூன்றும் பலவீனமான அணிகளோடு என்றால் பத்துக்கு ஏழைப் பெரிதாகச் சொல்ல முடியாது. ஒரே பாடசாலையோடு இரண்டு தடவை விளையாடியிருந்தால் அந்த இரண்டு ஆட்டத்தையும் ஒப்பிடுவதுதான் நியாயம்.

மஸ்கெலியா, கரப்பந்து அணித்தலைவன்: எங்க டீம்ல பின்வரிசையில நிக்கிற தம்பிக்குத்தான் விருது. அவனுக்குப் புள்ளிக் கணக்கே இல்ல. பெயரை முதல்ல சொல்றதா, கடைசியிலா?

புள்ளி இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது, தம்பி. எதிரணி சேர்விஸ் அவரிடம் வந்தால் பந்து செட்டர் கைக்குப் போகிறதா, வெளியே தெறிக்கிறதா? யாராவது குறித்திருந்தால் அதுவே உங்கள் எண். குறிக்கவில்லையென்றால் பயிற்றுவிப்பாளரிடமும் இன்னொரு வீரரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: "முந்திச் செய்யாத எதை இப்போது செய்கிறான்?" இருவரும் ஒரே விடயத்தைச் சொன்னால் அதுதான் பேச்சு. "முந்தி சேர்விஸ் வந்த பிறகு ஓடுவான், இப்போது எதிராளி பந்தைத் தூக்கும்போதே காலை நகர்த்திவிடுகிறான்" என்பது மாதிரி. "கடுமையாக உழைத்தான்" என்று இருவரும் சொன்னால் விடாதீர்கள், திரும்பக் கேளுங்கள்.

பெயர் கடைசியில். பெயர் விழுந்ததும் கைதட்டல் எழும், அதன் பிறகு நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. முதலிலேயே சொன்னால் பிள்ளை மேடையில் நின்று தன்னைப் பற்றிய பேச்சு முழுவதையும் தாங்க வேண்டும்.

பண்டாரவளை: கிரிக்கெட் அணிக்கு ஒரு நல்ல பேச்சு எழுதி அனுப்புங்க சேர்.

ஸ்கோர் புத்தகம்.

பதுளை, பெற்றோர்: என் மகன்தான் கூட முன்னேறினான். விருது வேற பிள்ளைக்குப் போச்சு. யார்கிட்ட முறையிடுறது?

பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள், பிறகு அதிபரிடம். இங்கே பேச்சைப் பற்றி மட்டும்தான்.

ஹட்டன், ஆசிரியர்: எங்க பிள்ளைக்கு அப்பா இல்ல. அம்மா கொழுந்து பறிக்கிறாங்க, லயத்துல ஒரே காம்பரா. இதைச் சொல்லாம அந்தப் பிள்ளையோட முன்னேற்றத்தை எப்படிச் சொல்றது?

சொல்லாமலேதான். மேலே உள்ள பேச்சைப் பாருங்கள், அந்தப் பிள்ளை யாருடைய மகள் என்று ஒரு வரியும் இல்லை, முன்னேற்றம் குறையவும் இல்லை. பிள்ளை வென்றது வளையத்தில். வறுமையை நடுவில் வைத்தால் சபை இரக்கத்துக்காகக் கைதட்டும்.

ஹட்டன், அதே ஆசிரியர்: அது வசதியான பாடசாலைக்குச் சரி. இங்க பயிற்சி முடிஞ்சா கடைசி பஸ் போயிருக்கும். ஆறு கிலோமீற்றர் தேயிலைக்குள்ள நடந்து போற பிள்ளை. கொழுந்து பறிக்கிறதுல வெட்கப்பட என்ன இருக்கு? மறைச்சா வெட்கம்னு நாமளே சொல்ற மாதிரி ஆகாதா?

நானுஓயா, பழைய மாணவி: சேர், வெட்கம் தொழில்ல இல்ல, கேட்காம சொல்றதுல. என்னையும் மேடையில "லயத்திலிருந்து வந்த பிள்ளை"ன்னு சொன்னாங்க. அடுத்த நாள் வகுப்புல அதுதான் என் பெயர். எந்த விளையாட்டுக்குக் கப் குடுத்தாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல.

கண்டி, ஓய்வுபெற்ற அதிபர்: பிரதம அதிதி உதவி செய்பவராக இருந்தால் பிள்ளையின் நிலைமையைச் சொல்வதில் பயனும் உண்டு. புலமைப்பரிசில் கிடைத்த சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

ஐயா, உதவி கேட்பதற்கு அதிபரின் அறை இருக்கிறது. அதிதியிடம் தேநீர் நேரத்தில் தனியாகச் சொல்லலாம். விருதுப் பேச்சை விண்ணப்பமாக்கக் கூடாது.

ஹட்டன் ஆசிரியர் சொன்ன பஸ் விடயம் வேறு. அது பயிற்சியோடு சேர்ந்தது. "கடைசி பஸ் போன பிறகும் பயிற்சியை விட்டுப் போகவில்லை" என்பது விளையாட்டைப் பற்றிய வாக்கியம், அதைச் சொல்லலாம். அம்மாவின் தொழில், அப்பா இல்லாதது, காம்பரா, இவை விளையாட்டைப் பற்றியவை அல்ல. அப்படியும் சொல்லத்தான் வேண்டும் என்றால், அந்த வரியைப் பிள்ளையிடம் தனியாக வாசித்துக் காட்டுங்கள், குறைந்தது இரண்டு நாள் முன்னால். மேடைக்குப் பின்னால் வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையைத்தான் ஆட்டும்.

ஹட்டன்: கேட்டுப் பார்க்கிறேன். ஆனா அம்மாவைச் சொல்லக் கூடாதுங்கிறதை நான் இன்னும் ஏத்துக்கல. அன்னைக்கு அரை நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்து அந்த அம்மா சபையில இருப்பாங்க.

அம்மா வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். எங்கிருந்து வந்தார் என்பதை அவர் சொல்லட்டும்.

நுவரெலியா, மாணவ அறிவிப்பாளர்: எங்களுக்கு விழா மைதானத்துல. பேசுறது எதிர் மலையில பட்டுத் திரும்பி வருது, ரெண்டு குரலாக் கேக்குது.

ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். சரிவு 170 மீற்றரில் இருந்தால் உங்கள் சொல் ஒரு செக்கனில் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் விழும். முதலில் ஒலிபெருக்கிக் குழலை மலைப்பக்கம் பார்க்காமல் கூட்டத்தின்மேல் சற்றுத் தாழ்த்தித் திருப்பச் சொல்லுங்கள். பிறகு வாக்கியத்தை ஆறேழு சொல்லாகச் சுருக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் எதிரொலி போகும்வரை நில்லுங்கள். எண்ணையும் பெயரையும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக வையுங்கள், அப்போது அவற்றின்மேல் உங்கள் குரலே விழாது.

மாத்தளை: முரளிதரனை உதாரணம் சொல்லித் தொடங்கலாமா? இல்லாட்டி ஒரு கவிதை?

800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவரைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் பத்துக்கு நாலு, பத்துக்கு ஏழு என்றால் பிள்ளையின் எண் சின்னதாகிவிடும். கவிதையும் வேண்டாம்.

வட்டவளை: பேச்சு மாதிரி ஒன்று போடுங்களேன், உதைபந்துக்கு.

மேலே இருக்கிறது. விளையாட்டைக் கேட்டுப் பயனில்லை, பிள்ளை எதை மாற்றினார் என்று கேளுங்கள். புத்தகத்தையும் திறங்கள்.

இராகலை, ஆசிரியை: பிரதம அதிதிக்குத் தமிழ் தெரியாது. முழுசையும் சிங்களத்தில் திரும்பச் சொல்லணுமா?

வேண்டாம், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பெயருக்கு முன் ஒரே ஒரு சிங்கள வாக்கியம்: எந்த அணி, என்ன மாறியது. சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை, வலைப்பந்துப் பொறுப்பாசிரியை: கடைசியா ஒண்ணு சேர். பிள்ளைக்குக் காய்ச்சல், வெள்ளிக்கிழமை வராம போகலாம்.

பேச்சை அப்படியே வாசியுங்கள். பெயருக்குப் பிறகு "அவர் சார்பில் அணித்தலைவி பெற்றுக்கொள்வார்" என்று மட்டும் சேருங்கள். ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டாம். அணித்தலைவியை முன்வரிசை ஓரத்தில் உட்கார வையுங்கள், அறிவிப்பாளரிடமும் காலையிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் பிள்ளையின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.