பன்னிரண்டு காசு, மூன்று நிறுவை: கேள்வி பதில்

புதிர் இதுதான்: 12 காசுகளில் ஒன்று மட்டும் எடையில் வேறுபடும். அது கனமா, லேசா என்று சொல்லவில்லை. இரண்டு தட்டுத் தராசில் மூன்றே முறை நிறுத்து அந்தக் காசையும், அது கனமா லேசா என்பதையும் சொல்ல வேண்டும்.

குமரன்: இதில் என்ன புதிர் இருக்கிறது? ஆறுக்கு ஆறு போடுங்கள். கனமான பக்கத்தை மூன்றுக்கு மூன்று போடுங்கள். அப்புறம் ஒன்றுக்கு ஒன்று. முடிந்தது.

மாற்றுக் காசு கனமானது என்று முன்பே தெரிந்தால் உங்கள் வழி சரிதான். அப்படித் தெரிந்தால் 12 என்ன, 27 காசுக்கே மூன்று நிறுவை போதும். இங்கே அது தெரியாது என்பதில்தான் சிக்கல். நீங்கள் கனமான பக்கத்தை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். லேசான காசு ஒன்று எதிர்த்தட்டில் இருந்ததால் தராசு சாய்ந்திருந்தால்? ஆறுக்கு ஆறு போட்டால் தராசு சாயும் என்பது போடுவதற்கு முன்பே தெரிந்த விஷயம். சாய்ந்த பிறகும் 12 காசும் சந்தேகத்தில்தான் இருக்கும்.

வாசுகி: எல்லோரும் நாலுக்கு நாலு என்றே ஆரம்பிக்கிறார்கள். மூன்றுக்கு மூன்றோ ஐந்துக்கு ஐந்தோ போட்டால் என்ன கெட்டுவிடும்?

காசுகளை எண்ணாமல் சந்தேகங்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு காசும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம் என்பதால் மொத்தம் 24 சந்தேகங்கள். ஒரு நிறுவைக்கு இடது தாழும், வலது தாழும், சமமாக நிற்கும் என்று மூன்று பதில்தான் உண்டு. ஆகவே மிச்சமிருக்கும் இரண்டு நிறுவைகளால் அதிகபட்சம் 9 சந்தேகங்களைத்தான் பிரிக்க முடியும். ஐந்துக்கு ஐந்து போட்டுச் சாய்ந்தால் 10 மிஞ்சும். மூன்றுக்கு மூன்று போட்டுச் சமமாக நின்றால் வெளியே ஆறு காசு, அதாவது 12 சந்தேகம். நாலுக்கு நாலில் மட்டும் சாய்ந்தாலும் 8, சமமானாலும் 8. வேறு தொடக்கமே கிடையாது.

இளங்கோ: காசுகளுக்கு 1 முதல் 12 வரை எண் போட்டு, 1 முதல் 4 வரை இடது தட்டிலும் 5 முதல் 8 வரை வலது தட்டிலும் வைத்தேன். முதல் நிறுவை சமமாக நின்றால் எனக்கு வந்துவிடுகிறது. 9, 10, 11ஐ நல்ல காசு மூன்றோடு நிறுக்கிறேன், மீதி எளிது. ஆனால் 1, 2, 3, 4 இருக்கும் இடது தட்டு தாழ்ந்துவிட்டால் தொலைந்தேன். அடுத்து 1, 2ஐ ஒரு தட்டிலும் 3, 4ஐ மறு தட்டிலும் போட்டுப் பார்த்தேன்.

அது சமமாக நின்றுவிட்டால் 5, 6, 7, 8 நான்கில் ஒன்று லேசு என்று மட்டும் தெரியும். நான்கை ஒரே நிறுவையில் பிரிக்க முடியாது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் சந்தேகக் காசைத் தட்டு மாற்றிப் போடலாம் என்பது யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை.

இப்போது கையில் இருப்பது எட்டு சந்தேகங்கள்: 1 முதல் 4 வரை எதுவாவது கனம், அல்லது 5 முதல் 8 வரை எதுவாவது லேசு. 9 முதல் 12 வரை நல்லவை என்று உறுதியாகிவிட்டது. அடுத்த நிறுவையில் இடது தட்டில் 1, 2, 5. வலது தட்டில் 3, 6, கூடவே நல்ல காசு 9.

என்ன நடந்திருக்கிறது என்று கவனியுங்கள். 4, 7, 8 கீழே இறங்கிவிட்டன. 3, 5 இரண்டும் தட்டு மாறிவிட்டன. 1, 2, 6 இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தராசு சமமாக நின்றால் இறங்கியவற்றில் ஒன்று குற்றவாளி. முன்போலவே இடது தாழ்ந்தால் இடம் மாறாதவற்றில் ஒன்று. சாய்வு வலப்பக்கம் மாறினால் தட்டு மாறிய இரண்டில் ஒன்று.

கடைசி நிறுவை தானாக வரும். இறங்கியவை என்றால் 7ஐயும் 8ஐயும் எதிரெதிரே போடுங்கள். உயர்வது லேசான காசு, சமமென்றால் 4 கனம். இடம் மாறாதவை என்றால் 1க்கு 2. தாழ்வது கனம், சமமென்றால் 6 லேசு. சாய்வு மாறியிருந்தால் 3ஐ நல்ல காசோடு போடுங்கள். தாழ்ந்தால் 3 கனம், சமமென்றால் 5 லேசு. முதல் நிறுவையில் வலது தாழ்ந்திருந்தால் இதையே கனம் லேசு மாற்றிப் படியுங்கள்.

மீனா: என்னிடம் கிராமில் எண் காட்டும் மின்னணுத் தராசு இருக்கிறது. அதில் இதைச் செய்யலாமா?

அது வேறு புதிர். எண் காட்டும் தராசு ஒரே நிறுவையில் மூன்றுக்கும் மேற்பட்ட பதில் தரும், மேலே போட்ட கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

ரஹீம்: ஒவ்வொரு பதிலையும் பார்த்துத்தான் அடுத்ததை முடிவு செய்ய வேண்டும் என்றில்லையே? இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் இந்தப் புதிரைப் பற்றி 1946இல் எழுதிய குறிப்பைப் படித்த ஞாபகம். மூன்று நிறுவையையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம்.

ஆமாம், எனக்கும் அதுதான் அதிகம் பிடிக்கும். ஒரு பட்டியல் இதோ:

```
1)  1  2  3  4   |  5  6  7  8
2)  1  4  8  9   |  3  6 10 11
3)  2  7  8 10   |  4  6 11 12
```

எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'இடது, சமம், வலது' என்று வந்ததாக வையுங்கள். 7ஆம் காசு முதலில் வலது தட்டில், அடுத்து வெளியே, பிறகு இடது தட்டில் இருக்கிறது. தாழ்ந்த பக்கத்துக்கு நேர் எதிராகவே அது இருந்து வந்திருக்கிறது. ஆக 7 லேசு. ஒரு காசின் பயணம் முடிவோடு அப்படியே ஒத்துப்போனால் அது கனம், தலைகீழாக ஒத்துப்போனால் லேசு. எந்த இரண்டு காசின் பயணமும் ஒன்றுபோலவோ ஒன்றுக்கொன்று தலைகீழாகவோ இல்லை என்பதால்தான் இது வேலை செய்கிறது. மூன்று முறையும் சமமென்றால் மாற்றுக் காசே இல்லை.

இளங்கோ: ரஹீமுக்குச் சொன்ன பட்டியலை நிஜமாகவே போட்டுப் பார்த்தேன். இடது, வலது, இடது என்று வந்தது. எந்தக் காசும் பொருந்தவில்லையே?

பொருந்தாதுதான். 27 பதில் வரிசைகளில் 24 மாற்றுக் காசுக்கு, ஒன்று 'எல்லாம் நல்லவை' என்பதற்கு. மிஞ்சும் இரண்டு நீங்கள் சொன்னதும் அதன் தலைகீழும். அது வந்தால் எங்கோ தவறு. காசு இடம் மாறிப் போயிருக்கலாம், ஒன்றுக்கு மேல் மாற்றுக் காசு இருக்கலாம், தராசே ஒரு பக்கம் இழுக்கலாம். வெறும் தட்டில் முள் நடுவில் நிற்கிறதா பாருங்கள். அப்புறம் அதே காசுகளைத் தட்டு மாற்றிப் போடுங்கள். சாய்வும் கூடவே மாறாமல் பழைய பக்கமே நின்றால் குறை தராசில். புழங்கிய காசு வேண்டாம், தேய்மானத்திலேயே எடை வித்தியாசம் இருக்கும்.

குமரன்: சரி, ஆறுக்கு ஆறை விட்டுவிடுகிறேன். ஆனால் 13 காசு என்றால் 26 சந்தேகம், 27க்குள்தானே வருகிறது? மூன்றில் முடிய வேண்டும்.

மொத்தம் அடங்குகிறது, முதல் நிறுவை அடங்கவில்லை. நாலுக்கு நாலைத் தாண்ட முடியாது, அதுவே சமமானால் வெளியே ஐந்து காசு, 10 சந்தேகம். நல்ல காசு ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் முடியும்: ஒரு தட்டில் ஐந்து, மறு தட்டில் நான்கோடு அந்த நல்ல காசு.

குமரன்: கனமா லேசா என்று சொல்லாவிட்டால் பரவாயில்லை, காசைக் கண்டுபிடித்தால் போதும் என்றால் நல்ல காசு இல்லாமலே 13 வரும். 13ஆவதைத் தட்டிலேயே ஏற்றாமல், எல்லாம் சமமென்றால் அதுதான் என்று சொல்லிவிடலாம். அதுவும் தீர்வுதானே?

காசு கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். புதிர் கேட்டதில் பாதிக்குத்தான் அது பதில் என்பது என் கட்சி. ரஹீம் உங்கள் பக்கம் நிற்பார் என்று நினைக்கிறேன்.