சாம்பல் கல்லும் செங்கல்லும்: சாந்தைப் பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சி: மாடி இல்லாத வீடு கட்டுகிறேன். செங்கல்லா, சாம்பல் கல்லா, எது பலம்?

பலத்தை மட்டும் பார்த்தால் இரண்டுமே போதும். நிலக்கரிச் சாம்பலில் செய்த நல்ல சாம்பல் கல் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 7.5 நியூட்டன் அளவைத் தாங்கும். நம் பக்கத்துச் சூளைக் கல் 3.5 தாங்கினாலே நல்ல கல்தான். மாடியில்லாத வீட்டின் சுவரில் வருகிற சுமை இதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது. சுவர் நசுங்கி விழுவதில்லை, வெடிக்கிறது. அதனால் சாந்தைப் பற்றிக் கேளுங்கள்.

மாங்குளம்: நிறுத்துப் பார்த்தேன். காய்ந்த செங்கல் 2,350 கிராம், ஒரு நாள் ஊறியபின் 2,820. சாம்பல் கல் 3,100, ஊறியபின் 3,470. மேசன் இரண்டையும் ஒரே மாதிரி ஊறவைத்துக் கட்டுகிறார். சரியா ஐயா?

உங்கள் கணக்குப்படி செங்கல் 20 சதவீதம் குடிக்கிறது, சாம்பல் கல் 12 சதவீதம். சாதாரண கல்லுக்கு இந்தியத் தரக் குறிப்பு வைத்திருக்கும் எல்லையே 20 என்பதால், உங்கள் செங்கல் விளிம்பில் நிற்கிறது. ஆனால் ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட, சாந்து பட்ட முதல் நிமிடங்களில் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதே கட்டுக்கு முக்கியம். காய்ந்த கல்லின் மேல் 25 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் 20 துளி தண்ணீர் விடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முழுவதும் மறைந்துவிட்டால் அந்தக் கல்லை நனைக்காமல் கட்டக்கூடாது.

நாட்டுச் செங்கல் பெரும்பாலும் அப்படித்தான். உலர்ந்தபடி வைத்தால் சீமெந்து இறுகுவதற்குமுன் சாந்தின் தண்ணீரை இழுத்துவிடும். பிறகு ஆணியால் கீறினால் இடைவெளிச் சாந்து மாவாக உதிரும். எனவே செங்கல்லை நன்றாக ஊறவைத்து, மேற்பரப்பின் ஈரம் வற்றியதும் கட்டவேண்டும்.

சாம்பல் கல்லை அப்படி ஊறவைத்தால் அது சாந்தின்மேல் வழுக்கும், வரிசை நூலைவிட்டு விலகும். தண்ணீர் குடித்து விரிந்த கல், கட்டியபின் காய்ந்து சுருங்கும்போது சுவரில் நெட்டுக்குக் கீறல் விழும். தண்ணீர் தெளித்தால் போதும். சாந்தையும் சற்று இறுக்கமாகக் குழையுங்கள். கல் செய்து 21 நாளாவது ஆகியிருக்கவேண்டும். லொறி வரும்போதே செய்த தேதியைக் கேளுங்கள்.

முள்ளியவளை: நான் மேசன். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல், அந்த 1:3 சாந்தில்தான் கட்டுவேன். சீமெந்து கூடினால் சுவர் பலம் கூடும். 1:6 சொல்கிறவர்கள் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள்.

சாந்து பலக்கும் என்பது சரி. 1:3 சாந்து ஏறத்தாழ 10 நியூட்டன், 1:6 சாந்து 3. ஆனால் சாந்தின் பலம் மூன்று மடங்கு கூடினால் சுவரின் பலம் அப்படிக் கூடுவதில்லை. 3.5 நியூட்டன் செங்கல்லுக்கு நடுவே 10 நியூட்டன் சாந்தை வைத்தால், அத்திவாரம் சற்று இறங்கும்போது கல்தான் உடைகிறது. மெலிந்த சாந்தில் கீறல் படிப்படியாக இடைவெளி வழியே போகும், அதைச் சுரண்டி அடைக்கலாம். கல்லையே பிளந்து நேராக ஏறிய கீறலை எதைக்கொண்டு மூடுவீர்கள்? சீமெந்து கூடக்கூடச் சாந்தும் அதிகம் சுருங்கும். வெயில் கொளுத்தும் மாதங்களில் அது இன்னும் மோசம்.

முள்ளியவளை, மறுபடி: மாரி மழையில் 1:6 கட்டு கரைந்து போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நீங்கள் கண்டது பொய்யென்று சொல்லமாட்டேன். அத்திவாரத்திலும், மழை நேரே அடிக்கும் பூச்சில்லாத சுவரிலும் நானும் 1:4 தான் போடச்சொல்வேன். மற்ற இடத்தில் கரைந்தால் மணலைப் பாருங்கள். போத்தலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் சேறு மேலே படியும். சேறு கூடிய மணலுக்கு 1:6 நிற்காது. காலையில் குழைத்து மத்தியானம் தண்ணீர் ஊற்றிக் கிளறிய சாந்தும் அப்படித்தான். சேற்று மணலுக்கு மருந்து மணலைக் கழுவுவது, சீமெந்தைக் கூட்டுவதல்ல.

நெடுங்கேணி: எங்கள் அரிசி ஆலையில் உமிச்சாம்பல் மலைபோலக் கிடக்கிறது. அதில் கல் அடிக்கலாமா?

நான் பேசுவது நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருவதைப் போன்ற நுண்சாம்பலைப் பற்றி. உமிச்சாம்பல் வேறு பொருள், அந்தக் கணக்குகள் இதற்குப் பொருந்தாது.

வவுனியா: எந்தக் கல் பலம், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள்.

முள்ளியவளை, மறுபடி: மணலைக் கழுவ யார் தண்ணீர் தருவார்கள்? சாம்பல் கல்லுக்காவது 1:3 விடுவீர்களா?

விடமாட்டேன். அந்தக் கல் 7.5 தாங்கும் என்பதால் 1:5 வரை போகலாம், அதற்குமேல் சீமெந்து வேண்டாம். தண்ணீருக்குக் கோடையில் தட்டுப்பாடு என்பது உண்மை. கழுவ வழியில்லையென்றால் மணல் இறக்குமுன் போத்தலில் பார்த்து, சேறு கூடினால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள்.