பெர்ஃபாமன்ஸ் மேக்ஸில் விளம்பரதாரர் கையில் மிச்சமிருப்பவை

கேள்வி: கூகுள் ஆட்ஸ்ல பெர்ஃபாமன்ஸ் மேக்ஸ் போட்டா விளம்பரம் எங்கே வரணும்னு அதுவே முடிவு பண்ணுது. கேம் ஆப்ல எல்லாம் வருது, வர்ற லீடும் சரியில்லை. அப்போ நம்ம கையில என்னதான் இருக்கு?

இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாதுதான். தேடல், யூடியூப், ஜிமெயில், மேப்ஸ், டிஸ்கவர், மற்ற தளங்கள், ஆப்கள் என்று எல்லாவற்றிலும் அதுவே பிரித்துக் காட்டும். ஆனால் எந்தச் செயலைக் கன்வெர்ஷனாக எண்ண வேண்டும் என்று சொல்வது இன்னும் நாம்தான். உங்கள் சிக்கலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கோவையில் மாடுலர் கிச்சன் செய்து தரும் ஒரு கடையின் கணக்கு என்னிடம் வந்தது. ரிப்போர்ட்டில் கன்வெர்ஷன்கள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவும் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது. கடைக்காரரோ, "போன் வருது, எடுத்தா கட் ஆகுது" என்கிறார். Segment போய் Conversion action வாரியாகப் பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. படிவம் நிரப்புவது, போன் பட்டனைத் தொடுவது, வழி கேட்கும் பட்டனைத் தொடுவது, மூன்றும் சிஸ்டம் விளம்பர ஏலத்தில் குறிவைக்கும் Primary இலக்குகளாக வைக்கப்பட்டிருந்தன. எண்ணிக்கையில் பெரும்பகுதி போன் பட்டன்தான்.

கேம் விளையாடும்போது விரல் தவறி விளம்பரத்தில் படுகிறது. தளம் திறக்கிறது, திரையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் போன் பட்டனிலும் விரல் படுகிறது. கணக்கில் ஒரு கன்வெர்ஷன். இங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று சிஸ்டம் இன்னும் பணத்தை அந்தப் பக்கமே தள்ளுகிறது. கேட்டதைத்தான் அது கொடுக்கிறது, கேட்டதுதான் தப்பு.

அதனால் முதல் வேலையாக இரண்டு பட்டன்களையும் Secondary ஆக்கினோம். அவை ரிப்போர்ட்டில் தெரியும், ஆனால் ஏலம் அவற்றைப் பார்த்து நடக்காது. அடுத்தது, நல்ல லீடு எது என்று திருப்பிச் சொல்வது. விளம்பரத்தைத் தொட்டு ஒருவர் வரும்போது, திறக்கும் பக்கத்தின் இணைய முகவரியில் `gclid` என்று ஓர் அடையாளம் வரும். அதைப் படிவத்தில் மறைவான ஒரு கட்டத்தில் சேமித்து வைத்து, அந்த வீட்டுக்குப் போய் அளவெடுத்ததும் கூகுள் ஆட்ஸில் ஏற்ற வேண்டும். கிளிக் நடந்து 90 நாளைத் தாண்டினால் ஏற்காது.

ஒவ்வொரு கன்வெர்ஷனும் எவ்வளவு பெறும் என்ற மதிப்பை இப்படிப் போடலாம். ஓர் ஆர்டரில் லாபம் 40,000 ரூபாய், நாலு வீட்டில் அளவெடுத்தால் ஓர் ஆர்டர் என்று வையுங்கள். அப்போது ஓர் அளவெடுப்பு 10,000 பெறும். படிவம் நிரப்பி வரும் பத்து விசாரணைக்கு ஓர் அளவெடுப்பு என்றால் ஒரு விசாரணை 1,000. இரண்டையும் எண்ணுவதாக இருந்தால் அளவெடுப்புக்கு 9,000 போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆளின் மதிப்பு கூடுதலாக ஏறிவிடும். அப்புறம் ஏல முறையை மதிப்பை நோக்கியதாக மாற்றலாம். மாதத்துக்கு இரண்டு மூன்று அளவெடுப்புதான் என்றால், அதை மட்டும் வைத்து சிஸ்டம் எதையும் கற்றுக்கொள்ளாது. விசாரணையும் Primary ஆக இருக்கட்டும்.

மற்ற பிடிகளும் உண்டு. Final URL expansion திறந்திருந்தால் தளத்தின் எந்தப் பக்கத்துக்கும் ஆளை அனுப்பும். இந்தக் கடையில் 'சிம்னி சுத்தம் செய்வது எப்படி' என்ற கட்டுரைக்குக்கூடப் பணம் போய்க்கொண்டிருந்தது, மூடிவிட்டோம். எந்த ஊரில் காட்டுவது என்ற தேர்வை Presence என்று மாற்றாவிட்டால் கோவையைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகும். கடைப் பெயரைச் சொல்லியே தேடுபவர்களை பிராண்ட் விலக்கில் போட்டால்தான் புது ஆள் எவ்வளவு வருகிறார் என்று தெரியும். நெகட்டிவ் கீவேர்டும் இப்போது கேம்பெயின் அளவிலேயே போடலாம். யாருக்குக் காட்டலாம் என்று நாம் தரும் ஆடியன்ஸ் சிக்னலை மட்டும் எல்லையாக நினைத்துவிடாதீர்கள், அது வெறும் குறிப்பு. அதைத் தாண்டி எவருக்கும் காட்டும்.

கேம் ஆப்களைக் கணக்கு அளவிலான விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். பிளேஸ்மென்ட் ரிப்போர்ட்டில் பெயரும், எத்தனை முறை காட்டப்பட்டது என்பதும் இருக்கும், செலவு இருக்காது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவதைவிட, கன்வெர்ஷனைச் சரிசெய்தால் பணம் தானாக அங்கிருந்து விலகும். நான் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

இதையெல்லாம் செய்ததும் ரிப்போர்ட் மோசமாகத் தெரியும். கன்வெர்ஷன் எண்ணிக்கை சட்டென்று விழும், ஒன்றுக்கான செலவு ஏறும். பதறிப்போய்ப் போன் பட்டனைத் திரும்ப Primary ஆக்கிவிடாதீர்கள். சில வாரங்கள் விட்டு, மொத்தச் செலவை அளவெடுத்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணை முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டால் போதும்.